உப்பு கேட்கும் அழுத்தம்

வீட்டுச் சமையலறையில் மாட்டியிருக்கும் ஆர்.ஓ. எந்திரத்தில் ஒரு குடம் கடல்நீரை ஊற்றினால் என்ன ஆகும்? மெம்பரேன் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், தண்ணீர் கொஞ்சம் உப்புக் கரிக்கும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். உண்மையில் நல்ல தண்ணீர் பக்கம் ஒரு சொட்டுக்கூட ஊறி வராது. மெம்பரேனுக்கு அந்தப் பக்கம் ஏற்கெனவே தங்கியிருக்கும் நல்ல தண்ணீரும் பின்வாங்கிப்போய்க் கடல்நீரில் கலக்கும்.

வீட்டு எந்திரத்திலிருக்கும் சின்ன பம்பு கொடுக்கும் அழுத்தம் சுமார் 5 பார். ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்று நம்மீது செலுத்தும் அழுத்தம்; பத்து மீட்டர் உயரத் தண்ணீர் அடியில் கொடுக்கும் அழுத்தமும் ஏறக்குறைய அதுவே. போர்வெல் தண்ணீருக்கு 5 பார் தாராளம். கடல்நீருக்கோ முதல் சொட்டு வருவதற்கே சுமார் 27 பாரைத் தாண்டியாக வேண்டும். சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் 2010 முதல் இயங்கும் மீஞ்சூர் நிலையத்திலும், தெற்கே நெம்மேலியில் 2013 முதல் இயங்கும் நிலையத்திலும் நடப்பதைப் புரிந்துகொள்ள இந்த 27 என்ற எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் போதும்.

ஆர்.ஓ. மெம்பரேனை மிக நுண்ணிய சல்லடை என்று சொல்வது வழக்கம். பள்ளிப் பாடங்களிலும் விளம்பரங்களிலும் அப்படித்தான் படம் போடுகிறார்கள். அந்தப் படம் மனதில் இருக்கும்வரை, அழுத்தம் எதற்கு என்ற கேள்விக்குத் தவறான விடைதான் கிடைக்கும்: "ஓட்டை சின்னது, அதனால் பலமாகத் தள்ள வேண்டியிருக்கிறது." அப்படியானால் இன்னும் மெல்லிய, இன்னும் தாராளமாக நீரை விடும் மெம்பரேன் ஒன்றைக் கண்டுபிடித்தால் 5 பாரிலேயே கடல்நீர் குடிநீராகிவிட வேண்டும். ஆகாது. நீருக்குத் துளியும் தடை தராத, உப்பை மட்டும் முழுமையாக நிறுத்துகிற ஓர் உத்தமமான மெம்பரேன் கிடைத்தாலும் அந்த 27 பார் அப்படியே இருக்கும். அது மெம்பரேன் கேட்கும் விலையல்ல, கடல்நீரில் கரைந்திருக்கும் உப்பு கேட்கும் விலை.

ஊறுகாய் போடுகிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம். நறுக்கிய மாங்காயில் உப்பைப் போட்டுப் பிசறி ஜாடியில் வைத்தால், மறுநாள் ஜாடிக்குள் தண்ணீர் விட்டிருக்கும். யாரும் தண்ணீர் ஊற்றவில்லை; மாங்காயின் செல்களுக்குள் இருந்த நீர்தான் செல்சவ்வைக் கடந்து உப்பு அதிகமாக இருக்கும் வெளிப்பக்கம் வந்திருக்கிறது. நீரை விட்டு, கரைந்த பொருளை விடாத ஒரு சவ்வு நடுவில் இருந்தால், நீர் எப்போதும் உப்பு குறைந்த பக்கத்திலிருந்து அதிகமான பக்கத்துக்கே போகும். இதைத்தான் சவ்வூடு பரவல் என்கிறோம்.

ஏன் அந்தத் திசையில் போகிறது? தூய நீரில் உள்ள மூலக்கூறுகளுக்குச் சவ்வைக் கடந்து வெளியேறும் நாட்டம் ஓரளவு உண்டு. அந்த நீரில் உப்பைக் கரைத்தால் நாட்டம் குறைந்துவிடுகிறது. இரண்டு பக்கமும் மூலக்கூறுகள் இடைவிடாமல் கடந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் உப்புப் பக்கமிருந்து வருபவை குறைவு, அந்தப் பக்கம் போகிறவை அதிகம். இந்தக் குறையை ஈடுகட்ட ஒரே வழி, உப்புப் பக்கத்தை அழுத்துவது. அழுத்தம் கூடக்கூட அங்கிருக்கும் நீரின் வெளியேறும் நாட்டமும் கூடுகிறது. ஒரு குறிப்பிட்ட அழுத்தத்தில் இரு பக்கமும் சமமாகி, போவதும் வருவதும் ஒன்றாகிவிடும். அந்த அழுத்தத்துக்குப் பெயர் சவ்வூடு பரவல் அழுத்தம். அதற்குக் கீழே எவ்வளவு அழுத்தினாலும் நீர் கடலின் பக்கமே போகும். அதைத் தாண்டினால்தான் ஓட்டம் திரும்பும். 'ரிவர்ஸ்' என்று சொல்வது இந்தத் திருப்பத்தைத்தான்.

அந்த அழுத்தம் எவ்வளவு என்று கணக்குப் போடும் வழியை 1880-களில் டச்சு வேதியியலாளர் வான்ட் ஹாஃப் கண்டுபிடித்தார். வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு 1901-இல் அவருக்குத்தான் கிடைத்தது. கரைசலில் மிதக்கும் துகள்கள், அதே இடத்தில் வாயுவாக இருந்தால் எவ்வளவு அழுத்தம் தருமோ ஏறக்குறைய அதே அழுத்தம்தான் இங்கும் வருகிறது என்று அவர் காட்டினார். துகள் என்ன என்பது முக்கியமில்லை, எத்தனை என்பதே முக்கியம்.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் உள்ளன. அத்தனையும் சாப்பாட்டு உப்பு என்றே வைத்துக்கொள்வோம். 35 கிராம் என்பது 0.6 மோல். சாப்பாட்டு உப்பு நீரில் கரைந்ததும் சோடியம், குளோரைடு என்று இரண்டாகப் பிரிவதால் துகள் கணக்கில் 1.2 மோல். 25 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு ஒரு மோல் துகள் தரும் அழுத்தம் சுமார் 24.8 பார். பெருக்கினால் 30 பாருக்குப் பக்கத்தில் வருகிறது. அயனிகள் ஒன்றையொன்று ஈர்ப்பதாலும், கடலில் வேறு உப்புகளும் கலந்திருப்பதாலும் உண்மையான மதிப்பு கொஞ்சம் குறைந்து 27 பார் அளவில் நிற்கிறது. அதாவது 275 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்திவைத்தால் அடியில் எவ்வளவு அழுத்தம் இருக்குமோ அவ்வளவு. இதே கணக்கில், லிட்டருக்கு ஒரு கிராம் உப்புள்ள போர்வெல் தண்ணீருக்கு ஒரு பார்கூடத் தேவைப்படாது. வீட்டு எந்திரம் 5 பாரில் ஜம்மென்று வேலை செய்வதற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் 28 பார் வைத்து ஆலையை ஓட்டிவிடலாமே என்று தோன்றும். எந்த ஆலையும் அப்படி ஓடுவதில்லை. வழக்கமாக 55 முதல் 65 பார் வரை வைக்கிறார்கள். இந்த இரட்டிப்புக்கு என்ன காரணம் என்பதுதான் இந்தத் தொழில்நுட்பத்தின் உயிர்நாடி.

மீஞ்சூர் நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 23.7 கோடி லிட்டர் கடல்நீரை உள்ளே இழுத்து, 10 கோடி லிட்டர் குடிநீரைத் தரும் அளவில் அமைக்கப்பட்டது அது. நூறு லிட்டர் உள்ளே போனால் சுமார் 42 லிட்டர் குடிநீராகிறது, 58 லிட்டர் கடலுக்குத் திரும்புகிறது. நூறு லிட்டரில் இருந்த உப்பு முழுவதும் இந்த 58 லிட்டரில்தான் இருக்கும். எனவே லிட்டருக்கு 35 கிராமாக உள்ளே வந்த நீர், வெளியே போகும்போது 60 கிராமாகச் செறிந்திருக்கும். அதன் சவ்வூடு பரவல் அழுத்தமும் அதற்கேற்ப ஏறி, 47, 48 பாரைத் தொட்டுவிடும்.

இப்போது இதுபோன்ற ஓர் ஆலையின் ஒரே ஒரு குழலுக்குள் போய்ப் பார்ப்போம். எட்டு அங்குல விட்டமும் நாற்பது அங்குல நீளமும் கொண்ட, பாய்போல் சுருட்டிய மெம்பரேன் உருளைகள் ஏழோ எட்டோ வரிசையாக ஒரு நீண்ட குழலில் செருகப்பட்டிருக்கும். ஒவ்வோர் உருளையையும் பிரித்து விரித்தால் நாற்பது சதுர மீட்டர் அளவுக்கு மெம்பரேன் இருக்கும். அதில் உப்பைத் தடுக்கும் பாலிஅமைடு படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒன்றோ இரண்டோ பங்குதான். அதற்குக் கீழே இருப்பவை வெறும் தாங்கு படுகைகள்.

60 பார் அழுத்தத்தில் கடல்நீர் முதல் உருளைக்குள் நுழைகிறது. அங்கே உப்பு கேட்பது 27. மீதி 33 பார்தான் நீரைத் தள்ளுகிறது. அதனால் முதல் ஒன்றிரண்டு உருளைகளே அதிக நீரைக் கொடுக்கின்றன. நீர் பிரியப் பிரிய, அடுத்தடுத்த உருளைக்குப் போகும் கடல்நீரின் உப்பு ஏறுகிறது. குழலில் ஓடி வந்த உராய்வில் அழுத்தமும் ஒன்றிரண்டு பார் குறைகிறது. கடைசி உருளையில் இருப்பது 58 பார், உப்பு கேட்பது 48. மீதி பத்துதான். அந்தப் பத்தும் முழுதாகக் கைக்கு வராது. நீர் கடந்துபோகும்போது உப்பு மெம்பரேனின் முகத்தில் ஒதுங்கித் தேங்குவதால், மெம்பரேன் உணரும் செறிவு குழலின் நடுவில் ஓடும் நீரின் செறிவைவிடப் பத்து சதவீதம்போல் அதிகமாக இருக்கும். அதைக் கழித்தால் நிற்பது ஐந்து பார் அளவுதான். பம்பில் 60 பார் வைத்தும் கடைசி உருளை வெறும் ஐந்து பாரில் ஓடுகிறது! பம்பில் 45 பார் மட்டும் வைத்திருந்தால், குழலின் பின்பாதியில் நல்ல தண்ணீரே வராது. மெம்பரேன் வாங்கிய காசு வீண்.

அழுத்தம் தாராளமாக இருக்க வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தொழில் தெரியாதவர்களுக்கு அது முதலில் தலைகீழாகத் தோன்றும். அதிகம் அழுத்தினால் உப்பும் சேர்ந்து அதிகமாக வந்துவிடாதா என்று கேட்பார்கள். வராது. எந்த மெம்பரேனும் உப்பை முழுமையாக நிறுத்துவதில்லை, சிறிது கசியத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் கசிவு இரு பக்கத்துச் செறிவு வித்தியாசத்தைப் பொறுத்ததே தவிர, அழுத்தத்தைப் பொறுத்ததல்ல. நீர் மட்டுமே அழுத்தத்துக்குக் கட்டுப்படும். மிச்ச அழுத்தம் பாதியானால் நீர் பாதியாகிறது, உப்புக் கசிவோ அப்படியே இருக்கிறது. அதனால் வருகிற தண்ணீரின் உப்பு இரட்டிப்பாகும். சவ்வூடு பரவல் அழுத்தத்துக்குக் கொஞ்சம் மேலே மட்டும் வைத்து ஆலையை ஓட்டினால், தண்ணீர் குறைவாகவும் வரும், உப்பாகவும் வரும்.

அதற்காக அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகவும் முடியாது. கடல்நீருக்கான வழக்கமான மெம்பரேன் உருளைகள் தாங்குவது 70 முதல் 83 பார் வரைதான். நூறு லிட்டரில் அறுபதைக் குடிநீராக எடுக்க நினைத்தால் மிச்ச நாற்பது லிட்டரின் சவ்வூடு பரவல் அழுத்தமே 68 பாரைத் தாண்டிவிடும். அதற்கும் மேலே அல்லவா தள்ள வேண்டும்? கடல்நீர் ஆலைகள் பாதிக்கும் மேலான தண்ணீரைக் கடலுக்கே திருப்பி அனுப்புவதை வீணடிப்பு என்று பலர் குறை சொல்வதுண்டு. அது கவனக்குறைவில் நடப்பதல்ல, இந்தக் கணக்கு போடும் எல்லை. ஆனால் அப்படித் திரும்பும் நீர் கடல்நீரைவிடக் கனமானது. சும்மா கொட்டினால் அடியில் படிந்து அங்குள்ள உயிர்களைப் பாதிக்கும் என்பதால், கரையிலிருந்து தள்ளிப் பல வாய்கள் வழியாகச் சிதறவிட்டுக் கலக்கச் செய்ய வேண்டும். இதில் எந்தச் சமரசமும் கூடாது.

திரும்பிப் போகும் அந்த நீரில் இன்னொன்றும் இருக்கிறது: அழுத்தம். மெம்பரேனைக் கடந்த நீர்தான் அழுத்தத்தை இழக்கிறது. கடக்காத உப்புநீர் 58 பாரோடு அப்படியே குழலை விட்டு வெளியே வருகிறது. ஆயிரம் லிட்டர் குடிநீருக்கு மீஞ்சூர் கணக்கில் 2,370 லிட்டரை அழுத்த வேண்டும். 60 பாரில் இதற்கு ஆகும் மின்சாரம், பம்பின் இழப்பைச் சேர்க்காமலே, சுமார் 4 யூனிட். அதில் 2 யூனிட்டுக்கும் மேல் அந்தக் கழிவுநீரோடு கடலுக்குப் போய்விடும். இதைப் பிடித்து வைக்கத்தான் அழுத்தப் பரிமாற்றி என்ற கருவி. பீங்கானால் ஆன ஒரு சுழலும் உருளை. அதன் நீளவாட்டில் பல துளைகள். ஒரு துளையில் புதுக் கடல்நீர் நிரம்புகிறது. உருளை திரும்பியதும் மறுமுனையில் அழுத்தமுள்ள உப்புநீர் வந்து மோதி, தன் அழுத்தத்தை நேரடியாக அதற்குக் கொடுத்துவிடுகிறது. நடுவில் எந்தத் தடுப்பும் இல்லை. ஆனாலும் சுழற்சி வேகமாக இருப்பதால் இரண்டு நீரும் கலப்பது மிகக் குறைவு. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கும் மேல் ஆற்றல் மீண்டு வருகிறது. இந்தக் கருவி இல்லையென்றால் கடல்நீர்க் குடிநீர் இன்றைய விலைக்குக் கட்டுப்படியாகாது.

சவ்வூடு பரவலின் வலிமையைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் பம்பு நிற்கும் நேரத்தில் பார்க்க வேண்டும். திடீரென்று மின்சாரம் போனால் 60 பார் சில நொடிகளில் மறைந்துவிடும். ஆனால் உப்பு அங்கேயேதான் இருக்கிறது. உடனே ஓட்டம் திரும்பி, குடிநீர்க் குழாயிலிருந்து நல்ல தண்ணீர் மெம்பரேன் வழியாக உப்புநீருக்குள் இழுக்கப்படும். பின்னாலிருந்து உறிஞ்சக் குழாயில் போதிய நீர் இல்லாவிட்டால் காற்று புகும், மெம்பரேன் படலம் தன் படுகையிலிருந்து உரிந்துபோகும் அபாயமும் உண்டு. அதனால்தான் பல ஆலைகளில் குடிநீர்ப் பக்கம் சற்று உயரத்தில் ஒரு தொட்டி வைக்கிறார்கள். நின்றவுடன் அது தேவையான நீரைக் கொடுக்கும். பிறகு நல்ல தண்ணீர் விட்டுக் குழல்களைக் கழுவி, தேங்கிய உப்பை வெளியேற்றிவிடுவார்கள்.

ஓடும்போது கோளாறு வந்தால் அதையும் அழுத்தமே முதலில் காட்டிக்கொடுக்கும். குழலின் நுழைவுக்கும் முடிவுக்கும் இடையிலான அழுத்த வித்தியாசம் நாளுக்கு நாள் ஏறினால், முதல் உருளைகளில் சேறோ பாசியோ நுண்ணுயிர்ப் படலமோ அடைக்கிறது என்று பொருள். வித்தியாசம் மாறாமல், குடிநீரின் மின்கடத்துத்திறன் மட்டும் ஏறினால் மெம்பரேன் கெட்டிருக்கலாம், அல்லது இரண்டு உருளைகளை இணைக்கும் இடத்து ரப்பர் வளையம் கசியலாம். மெம்பரேனைக் கெடுப்பதில் முதலிடம் குளோரினுக்கு. நுண்ணுயிரைக் கொல்லப் போட்ட குளோரின் சிறிதளவு எஞ்சியிருந்தாலும் பாலிஅமைடைத் தின்றுவிடும். அதனால் நீர் மெம்பரேனைத் தொடும் முன் சோடியம் பைசல்ஃபைட் சேர்த்துக் குளோரினை முறித்துவிடுவார்கள்.

வங்கக்கடலுக்கென்று ஒரு தனிக்குணம் உண்டு. கங்கை, பிரம்மபுத்திரா, கோதாவரி, கிருஷ்ணா எல்லாம் கொண்டுவந்து கொட்டும் வெள்ளம், ஐப்பசி கார்த்திகையில் கரையோரமாகத் தெற்கே இறங்கி வரும். வடகிழக்குப் பருவமழையும் அதோடு சேர்ந்துகொள்ளும். அப்போது சென்னைக் கடலின் உப்பு நன்றாகக் குறையும். லிட்டருக்கு 30 கிராமாக இறங்கினாலே உப்பு கேட்கும் விலை 27-இலிருந்து 23 பாராகிவிடும். பம்பைத் தணித்து ஓட்டி மின்சாரம் மிச்சம் பிடிக்கலாம். வளைகுடா நாடுகளில் இந்தச் சலுகை கிடையாது. அங்கே உப்பு 40 கிராமுக்கும் மேல். தொடக்கமே 31 பார்.

மெம்பரேன்கள் இந்த நிலைக்கு வர நெடுங்காலம் பிடித்தது. உப்பைத் தடுக்கும் செல்லுலோஸ் அசிடேட் படலத்தை 1950-களிலேயே ஃபுளோரிடாவில் கண்டிருந்தார்கள். ஆனால் அதில் நீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் சிட்னி லோப் என்பவரும், இந்தியாவிலிருந்து போன சீனிவாச சௌரிராஜனும் 1960-ஐ ஒட்டி, மேலே மெல்லிய அடர்ந்த தோலும் கீழே பஞ்சுபோன்ற தாங்கலுமாக ஒரே படலத்தைச் செய்துகாட்டினார்கள். நீரோட்டம் பல மடங்கு கூடியது. 1965-இல் கோலிங்கா என்ற கலிஃபோர்னிய ஊரின் உவர்நீர் இந்த முறையில் குடிநீரானது. சௌரிராஜனின் பெயரை நம் பாடப்புத்தகங்களில் இன்னும் பெரிதாக எழுத வேண்டும்.

அவர்களுக்குப் பின் வந்த எல்லா முன்னேற்றமும் 27 பாருக்கு மேலே உள்ள இழப்புகளைக் குறைத்ததுதான். அந்த 27-ஐ யாராலும் தொட முடியவில்லை, முடியவும் முடியாது. அதை மின்சாரக் கணக்கில் சொன்னால் ஆயிரம் லிட்டருக்கு 0.75 யூனிட். பாதி நீரைப் பிரித்தெடுப்பதென்றால் இயற்கை விதிக்கும் குறைந்தபட்சம் ஒரு யூனிட்டைத் தாண்டுகிறது. நல்ல ஆலைகளில் மெம்பரேன் பகுதிக்கு மட்டும் 2 யூனிட்டுக்குச் சற்று மேலாகவும், கடலிலிருந்து இழுப்பது, வடிகட்டுவது, ஊருக்கு அனுப்புவது எல்லாம் சேர்த்து 3 முதல் 4 யூனிட் வரையும் ஆகிறது. இனி குறைய இருக்கும் இடம் கொஞ்சம்தான்.

சென்னைக்கு இந்த ஆலைகள் வேண்டியவைதான். 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது அவை கைகொடுத்தன. 2024-இல் நெம்மேலியில் 15 கோடி லிட்டர் திறனுள்ள இரண்டாவது நிலையம் வந்திருக்கிறது. பேரூரில் 40 கோடி லிட்டருக்கான நிலையத்துக்கு 2023-இல் அடிக்கல் நாட்டினார்கள். ஆனால் இதே ஆர்.ஓ. எந்திரத்துக்கு முன்னால் வேறொரு தண்ணீரும் நிற்கிறது. சுத்திகரித்த கழிவுநீரில் உப்பு லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம் அளவில்தான் இருக்கும். அது கேட்பது ஒன்றிரண்டு பார். கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 4.5 கோடி லிட்டர் திறனுள்ள நிலையங்கள் 2019 முதல் அதை ஆர்.ஓ.வில் விட்டுத் தொழிற்சாலைகளுக்குக் கொடுத்துவருகின்றன. கழிவுநீரில் கிடைப்பதை முழுமையாக எடுத்த பிறகே அடுத்த கடல்நீர் ஆலைக்குத் திட்டம் போட வேண்டும் என்பது என் கருத்து.